‘பாதிப் பாதி’ என்று தம்பியிடம் சொல்லிவிட்டேன், இப்போது என்ன செய்வது?

*அப்பா தொடங்கிய அச்சகத்தை, அவர் இறந்த பிறகு 12 ஆண்டுகளாக நான் நடத்தி வருகிறேன். கணக்கு முழுவதையும் என் மனைவி பார்க்கிறாள். நம் வீட்டுத் தொழில்தானே என்று அவளுக்குச் சம்பளம் எதுவும் வைக்கவில்லை. தம்பி ஒரு பெரிய நிறுவனத்தில் விற்பனைப் பிரிவில் இருந்தான். வேலை போனதும் 9 மாதங்களுக்கு முன் எங்களோடு சேர்ந்தான். ‘இனி எல்லாம் பாதிப் பாதி’ என்று அம்மா முன்னால் சொன்னேன். எதையும் எழுதவில்லை. அன்றிலிருந்து இருவரும் மாதாமாதம் ஒரே தொகையை எடுக்கிறோம். டிஜிட்டல் மெஷின் வாங்க அவன் தன் சேமிப்பையும் போட்டான்.*

*ஆர்டர் நிறையக் கொண்டுவருகிறான், அதை மறுக்க முடியாது. ஆனால் என்னைக் கேட்காமலே 12 சதவீதம் தள்ளுபடி, 90 நாள் கடன் என்று வாடிக்கையாளரிடம் ஒப்புக்கொள்கிறான். மெஷினில் நிற்பவரிடம் நேரே போய், ‘என் வேலையை முதலில் போடு’ என்கிறான். செலவுக்கு பில் கேட்டால், ‘அண்ணி என்னைச் சந்தேகப்படுகிறார்’ என்று அம்மாவிடம் சொல்கிறான். அக்கா வெளியூரில் இருக்கிறார், இதில் தலையிடுவதில்லை. சொன்ன சொல்லிலிருந்து பின்வாங்கினால் துரோகம் ஆகுமா? எழுதாத வாக்குக்குச் சட்டத்தில் மதிப்பில்லை என்கிறார் நண்பர். அது சரியா?*

அன்புள்ள வாசகருக்கு,

நண்பர் சொன்னதிலிருந்தே தொடங்குகிறேன். அதை நம்பி நீங்கள் அவசரப்பட்டு ஏதாவது செய்துவிடக் கூடாது. இரண்டு பேருக்கு இடையே கூட்டுத் தொழில் இருக்கிறதா என்பதை எழுதிய பத்திரம் மட்டும் முடிவு செய்வதில்லை. லாபத்தை எப்படிப் பங்கிட்டார்கள், யார் பணம் போட்டார்கள், வெளியாரிடம் யார் உரிமையாளராகப் பேசினார்கள் என்று நடந்துகொண்ட விதத்தையும் நீதிமன்றங்கள் பார்க்கும். ஒன்பது மாதம் சமமாக எடுத்திருக்கிறீர்கள், தம்பியின் பணத்தில் மெஷின் வந்திருக்கிறது, அவர் விலை பேசி முடித்த வேலைகளை நீங்கள் அச்சடித்தும் கொடுத்திருக்கிறீர்கள். இவை எல்லாம் அவர் பக்கம் பேசக்கூடிய சான்றுகள்.

எழுதாமல் விட்டதால் உங்களுக்குத்தான் அதிக இழப்பு. 1890-ஆம் ஆண்டின் பிரிட்டிஷ் கூட்டாண்மைச் சட்டத்தையும், 1932-ஆம் ஆண்டின் இந்தியக் கூட்டாண்மைச் சட்டத்தையும் எடுத்துக்கொள்ளுங்கள். கூட்டாளிகள் வேறு விதமாக ஒப்புக்கொள்ளாத வரை லாபமும் நஷ்டமும் சரிபாதி என்றும், தொழிலை நடத்த உழைத்ததற்காக எந்தக் கூட்டாளிக்கும் தனி ஊதியம் கிடையாது என்றும் இரண்டுமே சொல்கின்றன. 12 ஆண்டு உழைத்தவருக்கும் 9 மாதம் உழைத்தவருக்கும் அங்கே வேறுபாடு இல்லை. அன்றாடக் காரியங்களில் கருத்து வேறுபட்டால் பெரும்பான்மைப்படி முடிவு என்றும் இருக்கிறது. இருவர் மட்டுமே உள்ள தொழிலில் பெரும்பான்மைக்கு எங்கே போவது? இன்னொன்றையும் கவனியுங்கள். கூட்டாளி என்ற முறையில் தம்பி கடனுக்குக் காகிதம் வாங்கினால், அந்தக் கடன் உங்களையும் சேர்த்தே கட்டும். உங்கள் நாட்டுச் சட்டத்தில் நுணுக்கங்கள் மாறலாம். ஒரு வழக்கறிஞரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். எழுதவில்லை, அதனால் எதுவும் நடக்கவில்லை என்று மட்டும் இருந்துவிடாதீர்கள்.

கொடுப்பதற்கு முன்: எது யாருடையது?

கடிதத்தைப் படித்ததும் எனக்கு முதலில் எழுந்த சந்தேகம் தம்பியைப் பற்றியது அல்ல. அச்சகத்தின் கட்டடம் யார் பெயரில் இருக்கிறது? பழைய ஆஃப்செட் மெஷின், தொழில் உரிமம், வங்கிக் கணக்கு எல்லாம் யார் பெயரில்? அப்பாவின் பெயரிலேயே இருந்து, அவர் உயில் எழுதாமல் இறந்திருந்தால், அந்தச் சொத்தில் உங்கள் தம்பிக்கு வாரிசு என்ற முறையில் ஏற்கெனவே பங்கு இருக்கக்கூடும். அம்மாவுக்கும் இருக்கக்கூடும். கடிதத்தில் ஒரே வரியில் வந்துபோகும் அக்காவுக்கும் இருக்கக்கூடும். தலையிடாமல் இருக்கிறார் என்பதற்காக அவருடைய உரிமை போய்விடாது.

நீங்கள் பாதியைத் தம்பிக்குக் கொடுத்ததாக நினைக்கிறீர்கள். அந்தப் பாதியில் ஒரு பகுதி முன்பே அவருடையதாக இருக்கலாம், இன்னொரு பகுதி நீங்கள் கொடுக்கவே முடியாத அக்காவின் பங்காக இருக்கலாம். இதற்கு மறுபக்கமும் உண்டு. அப்பா விட்டுப்போன அச்சகம் வேறு, 12 ஆண்டுகளில் நீங்கள் வளர்த்த அச்சகம் வேறு. பின்னால் வாங்கிய மெஷின்கள், சேர்த்த வாடிக்கையாளர்கள், அடைத்த கடன்கள் ஆகியவற்றுக்கு உங்களிடம் பதிவு இருக்கும். அதைத் தேடி எடுத்து வையுங்கள்.

ரெனாட்டோ டாகியூரி, ஜான் டேவிஸ் என்ற இருவர் 1978-இல் ஹார்வர்டில் ஒரு எளிய படம் வரைந்தார்கள். குடும்பம், உடைமை, தொழில் என ஒன்றோடொன்று வெட்டிக்கொள்ளும் மூன்று வட்டங்கள். குடும்பத் தொழிலுக்கு ஆலோசனை சொல்பவர்கள் இன்றும் அதிலிருந்துதான் தொடங்குகிறோம். உங்கள் வீட்டை அதில் வைத்துப் பாருங்கள். நீங்கள் மூன்று வட்டத்திலும் நிற்கிறீர்கள். உங்கள் மனைவி குடும்பத்திலும் தொழிலிலும் இருக்கிறார், உடைமையில் இல்லை, ஊதியமும் இல்லை. அம்மாவும் அக்காவும் குடும்பத்தில் இருக்கிறார்கள், உடைமையிலும் இருக்கலாம், தொழிலில் இல்லை. தம்பி எங்கே நிற்கிறார் என்பதை இன்னும் யாரும் அவருக்குச் சொல்லவில்லை. ஆளுக்கு ஆள் நிற்கும் இடம் இப்படி மாறும்போது எல்லோருக்கும் ஒரே தொகை என்பது எப்படிப் பொருந்தும்?

சம்பளம், வட்டி, வாடகை, லாபம்

இப்போது நீங்கள் எடுக்கும் ஒரே தொகைக்குள் நான்கு வெவ்வேறு பணம் கலந்து கிடக்கிறது. செய்யும் வேலைக்குச் சம்பளம், போட்ட பணத்துக்கு வட்டி, கட்டடத்துக்கு வாடகை, உரிமையாளருக்கு லாபம். இவற்றைப் பிரித்துப் பார்த்தாலே பாதிச் சண்டை தெளிவாகிவிடும். ஓர் உதாரணக் கணக்கு போட்டுக் காட்டுகிறேன்.

குடும்பத்தார் யாருக்கும் எதுவும் கொடுப்பதற்கு முன், மற்ற எல்லாச் செலவும் போக அச்சகத்தில் மாதம் 100 மிஞ்சுகிறது என்று வைப்போம். நீங்கள் 40, தம்பி 40 எடுக்கிறீர்கள். அச்சகத்தில் 20 தங்குகிறது. மேலோட்டமாகப் பார்த்தால் சமம். ஆனால் உங்கள் வீட்டில் இருவர் உழைத்து 40, தம்பி வீட்டில் ஒருவர் உழைத்து 40. உங்கள் மனைவியின் மனத்தாங்கலுக்கு இதில் இடமில்லையா என்று யோசியுங்கள். பில் பற்றிய சச்சரவுக்குப் பின்னாலும் இது இருக்கலாம்.

இதை மாற்றிப் போடுவோம். கட்டடம் அப்பா பெயரில் இருந்தால், அச்சகம் அதற்கு வாடகையாக 10 கொடுக்கட்டும். அது வாரிசுகள் எல்லோருக்கும் அவரவர் பங்குப்படி போகும். அடுத்து சம்பளம். ஒவ்வொரு வேலைக்கும், வெளியாளை வைத்தால் என்ன கொடுப்பீர்களோ அதுதான் அளவு. உறவையும் வயதையும் வீட்டுத் தேவையையும் இங்கே கொண்டுவரக் கூடாது. உற்பத்தியையும் நிர்வாகத்தையும் பார்க்கும் உங்களுக்கு 22, விற்பனை பார்க்கும் தம்பிக்கு 16, கணக்கு பார்க்கும் மனைவிக்கு 10 என்று வைப்போம். தம்பி மெஷினுக்குப் போட்ட பணத்தைக் கடனாக எழுதி, வட்டி 4. இதுவரை 62 ஆயிற்று. மீதி 38-தான் உண்மையான லாபம். அதில் 20-ஐ வரிக்கும், மெஷின் பழுதுக்கும், தம்பியின் கடன் அசலை அடைக்கவும் அச்சகத்திலேயே நிறுத்துங்கள். 18-ஐ உரிமையாளர்கள் பிரித்துக்கொள்ளலாம்.

அந்த 18-ஐச் சரிபாதியாகப் பிரித்தாலும், உங்கள் வீட்டுக்கு 22, 10, 9 சேர்ந்து 41. தம்பிக்கு 16, 4, 9 சேர்ந்து 29. வாடகை 10. வெளியே போகும் மொத்தம் பழைய 80 தான். தம்பியின் கைக்கு 40 வந்த இடத்தில் 29-ம் வாடகைப் பங்கும் வரும். இதை மறைக்காதீர்கள். அவர் குடும்பம் அந்த 40-ஐ நம்பித்தான் மாதத்தை ஓட்டுகிறது. ஒரே மாதத்தில் வெட்டினால் கணக்கு நியாயமாக இருந்தாலும் அவருக்கு அது தண்டனையாகவே படும். ஆறு மாதத்தில் படிப்படியாக இறக்குங்கள். மிஞ்சியதை அவர் சம்பாதித்து எடுக்க வழியும் வையுங்கள்: அவர் கொண்டுவரும் புதிய வாடிக்கையாளரின் வேலைக்குக் கமிஷன். ஆனால் பில் போட்ட தொகைக்குக் கமிஷன் தராதீர்கள். பணம் வசூலாகி வந்த பிறகு, வந்த தொகைக்கு மட்டும் கொடுங்கள். இந்த ஒரு விதி இருந்தால், 90 நாள் கடன் கொடுப்பதற்கு முன் அவரே இருமுறை யோசிப்பார்.

சம்பள அளவை எப்படி முடிவு செய்வது? நீங்கள் மூவரும் உட்கார்ந்து பேரம் பேசினால் அது உறவுப் பேச்சாகவே முடியும். இதே அளவுள்ள அச்சகங்களில் இந்த வேலைகளுக்கு என்ன தருகிறார்கள் என்று, குடும்பத்துக்கு வெளியே உள்ள ஆடிட்டர் ஒருவரை விசாரித்து எழுதித் தரச் சொல்லுங்கள். மனைவியின் சம்பளம் அவர் பெயரில் உள்ள வங்கிக் கணக்குக்குத்தான் போக வேண்டும். உங்கள் கணக்கில் சேர்த்துப் போட்டால் அவருக்குச் சம்பளம் வைத்ததாகவே ஆகாது. வரி, சமூகப் பாதுகாப்புப் பிடித்தங்கள் இருந்தால் அவற்றையும் மற்ற ஊழியர்களுக்குப் போலவே செய்யுங்கள்.

யார் எதை முடிவு செய்வது?

அந்த 12 சதவீதத் தள்ளுபடியைக் கொஞ்சம் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம். 100-க்கு விலை சொன்ன ஒரு வேலையில் காகிதம் 45, பிளேட், மை, கூலி, பைண்டிங் எல்லாம் 30 என்றால் நிற்பது 25. 12 தள்ளினால் 13. அதாவது விலையில் சுமார் எட்டில் ஒரு பங்குதான் குறைந்தது, லாபத்தில் ஏறக்குறைய பாதி போய்விட்டது. காகிதக்காரர் 30 நாளில் பணம் கேட்பார், வாடிக்கையாளர் 90 நாளில் தருவார். நடுவில் உள்ள 60 நாளும் அச்சகம் தன் கைப்பணத்தில் அந்த வேலையைச் சுமக்கிறது. ஆர்டர் கூடக்கூடக் கையில் பணம் குறைவது இப்படித்தான். அந்த மாதிரி மாதங்களை நீங்கள் ஏற்கெனவே பார்த்திருப்பீர்கள்.

தம்பி கெட்ட எண்ணத்தில் இதைச் செய்யவில்லை என்றே நான் நினைக்கிறேன். பெரிய நிறுவனத்து விற்பனைப் பிரிவில், எவ்வளவு விற்றார் என்பதைத்தான் பெரும்பாலும் பார்ப்பார்கள். வேலைக்கு என்ன செலவு ஆகிறது என்ற கணக்கை நீங்கள் அவருக்குக் காட்டியிருக்கிறீர்களா? செலவுக் கணக்கைக் காட்டாமல் விலை சொல்லும் பொறுப்பைக் கொடுத்திருந்தால் அதில் உங்களுக்கும் பங்கு உண்டு.

எனவே முடிவு எடுக்கும் உரிமையை ‘விற்பனை உன்னுடையது, உற்பத்தி என்னுடையது’ என்று பொதுவாகச் சொல்லி விட்டுவிடாதீர்கள். எல்லையை எண்ணில் சொல்லுங்கள். விலைப்பட்டியலிலிருந்து 5 சதவீதம் வரையும், 30 நாள் கடன் வரையும் தம்பி யாரையும் கேட்க வேண்டாம். உங்களுக்குப் பிடிக்காவிட்டாலும் அந்த எல்லைக்குள் அவர் சொன்னதே முடிவு, வாடிக்கையாளர் முன் அதை மாற்றக் கூடாது. 5-க்கு மேல் 10 வரை உங்களிடம் ஒரு வார்த்தை. அதற்கு மேல் போனால், அந்த வேலையின் செலவுத் தாளோடு இருவரும் கையெழுத்து. பழைய பாக்கி 60 நாளைத் தாண்டிய வாடிக்கையாளருக்குப் புது ஜாப் கார்டு கிடையாது. இந்த விதியை நிறுத்திவைக்கும் அதிகாரம் கணக்குப் பிரிவுக்கு மட்டும் இருக்கட்டும். என் எண்கள் உங்களுக்குப் பொருந்தாமல் போகலாம். கடந்த ஓராண்டு வேலைகளின் செலவைப் பார்த்து உங்கள் எண்ணை நீங்கள் வையுங்கள்.

மெஷின் பக்கம், எந்த வேலை எப்போது ஏறும் என்ற அட்டவணை உங்கள் கையில் மட்டும். அவசர வேலை என்றால் தம்பி உங்களிடம் சொல்ல வேண்டும், நீங்கள் அட்டவணையை மாற்ற வேண்டும். அவர் நேரே ஆபரேட்டரிடம் போகக் கூடாது. அதேபோல் அவருடைய வாடிக்கையாளரிடம் நீங்கள் தனியாக விலை பேசக் கூடாது. இந்த ஏற்பாடு நிற்கிறதா என்று அறிய ஊழியர்களைக் கவனித்தாலே போதும். ‘சின்னவர் சொன்னார், பெரியவரையும் ஒரு வார்த்தை கேட்டுக்கிறேன்’ என்று யாராவது இழுத்தால், எல்லை இன்னும் தாளில்தான் இருக்கிறது என்று பொருள்.

பில் விஷயத்தில் உங்கள் மனைவி கேட்டது சரி. ஆனால் கேட்கும் பதவியை நீங்கள் அவருக்குக் கொடுக்கவில்லை. அதனால்தான் தம்பிக்கு அது அண்ணி கேட்ட கேள்வியாகத் தெரிந்தது. கணக்குப் பொறுப்பாளர் என்று எழுதிக் கொடுங்கள். பில் இல்லாமல் யாருக்கும் பணம் இல்லை என்ற விதியை முதல் மூன்று மாதம் அவர் உங்களிடம்தான் கண்டிப்பாகக் காட்ட வேண்டும். நீங்கள் பெட்ரோலுக்கு எடுத்த பணத்துக்கு பில் இல்லாமல் ஒருமுறை திரும்பி வந்தீர்கள் என்றால், தம்பிக்கு வேறு விளக்கம் தேவைப்படாது. மாதக் கணக்கை மூவரும் ஒன்றாக உட்கார்ந்து பாருங்கள். மனைவி இரவில் உங்களிடம் தனியாகச் சொல்லி, நீங்கள் காலையில் தம்பியிடம் கேட்பதாக இருந்தால், கணவனும் மனைவியும் சேர்ந்து தன்னை விசாரிக்கிறார்கள் என்றுதான் அவர் எடுத்துக்கொள்வார்.

அன்றாடத்துக்கு மேலே இன்னும் சில காரியங்கள் உண்டு. புதுக் கடன், பெரிய மெஷின், கட்டடத்தை அடமானம் வைப்பது, இன்னொரு உறவினரை வேலைக்குச் சேர்ப்பது, தொழிலை விற்பது. இவற்றுக்கு உரிமையாளர்கள் எல்லோர் சம்மதமும் வேண்டும் என்று எழுதுங்கள். 51-க்கு 49 என்று வைத்துக்கொண்டால் முட்டுக்கட்டை வராது என்று சிலர் சொல்வார்கள். முட்டுக்கட்டை வராதுதான், ஆனால் 49 வைத்திருப்பவருக்கு வாயும் இருக்காது. இந்தப் பட்டியல் இருந்தால்தான் சிறிய பங்கு வைத்திருப்பவரும் நிம்மதியாக இருப்பார். இருவரும் ஒத்துப்போகாத இடத்தில் யாரிடம் போவது என்று ஒரு வெளியாளின் பெயரையும் இப்போதே ஒப்புக்கொள்ளுங்கள். அந்த ஆள் அம்மாவாக இருக்கக் கூடாது. இரண்டு பிள்ளைகளில் ஒருவர் பக்கம் தீர்ப்புச் சொல்லும் பாரத்தை அவர்மேல் ஏற்றுவது கொடுமை.

சொன்ன பாதி

துரோகமா என்று கேட்டிருக்கிறீர்கள். சொன்னதே இல்லை என்று மறுத்தால் துரோகம். சொன்னதை எப்படி நிறைவேற்றுவது என்று தெளிவாக்குவது துரோகம் ஆகாது. என் கருத்தில், வாரிசுப் பங்கு என்று வருவதை முதலில் மறுபேச்சில்லாமல் கொடுத்துவிட வேண்டும். அதற்கு மேல் பாதி வரை வர வேண்டியதை நான்கைந்து ஆண்டுகளில், அவர் தொழிலில் இருக்கும் ஒவ்வோர் ஆண்டு முடிவிலும் ஒரு பகுதியாகச் சேர்க்கலாம். இடையில் விட்டுப்போனால் அதுவரை சேர்ந்தது மட்டும் அவருடையது. நாளைக்கே அவருக்கு நல்ல வேலை கிடைத்துப் போய்விட்டால், ஒன்பது மாதத்துக்குப் பாதி அச்சகத்தை விலை கொடுத்து மீட்கும் நிலை உங்களுக்கு வராது.

பிரியும் வழியையும் சேரும்போதே எழுத வேண்டும். ஒருவர் விலகினால், இறந்தால், வேலை செய்ய முடியாமல் நோயில் விழுந்தால் பங்கை யார் வாங்குவது, எந்த முறையில் விலை போடுவது, எத்தனை தவணையில் கொடுப்பது. ‘ஒருவர் விலை சொல்லட்டும், மற்றவர் அந்த விலைக்கு வாங்கட்டும் அல்லது விற்கட்டும்’ என்ற ஏற்பாட்டைச் சிலர் பரிந்துரைப்பார்கள். கேட்க நியாயமாக இருக்கும். ஆனால் இருவரில் ஒருவரிடம் மட்டும் ரொக்கம் இருந்தால், அவர் குறைந்த விலை சொல்லி மற்றவரை வெளியேற்றிவிடலாம். உங்களுக்கு நான் அதைச் சொல்ல மாட்டேன். வெளி மதிப்பீட்டாளர் போடும் விலை, மூன்று ஆண்டுத் தவணை என்பது பாதுகாப்பானது.

பேசும் வரிசை

முதலில் மனைவியிடம் பேசுங்கள். அவருக்குச் சம்பளமும் பதவியும் வேண்டுமா, எத்தனை மணி நேரம் வேலை செய்ய விரும்புகிறார் என்று கேளுங்கள். ஒருவேளை வேண்டாம் என்று சொல்லி விலக நினைக்கலாம். அதற்கும் அவருக்கு உரிமை உண்டு. பிறகு தம்பியைத் தனியாகச் சந்தியுங்கள். அச்சகத்திலும் வேண்டாம், அம்மா முன்னாலும் வேண்டாம். தள்ளுபடியில் தொடங்காதீர்கள். ‘உன் பணம் மெஷினில் இருக்கு, அதுக்கு ஒரு தாள்கூட உன்கிட்ட இல்லை. முதல்ல அதை எழுதிடலாம்’ என்று தொடங்குங்கள். அவருக்கு நன்மை தரும் காகிதத்தில் முதல் கையெழுத்து விழட்டும். சம்பளத்தையும் எல்லைகளையும் அடுத்த சந்திப்பில், ஆடிட்டரின் தாளை வைத்துக்கொண்டு பேசலாம். மொத்த ஏற்பாட்டையும் ஆறு மாதம் நடத்திப் பார்த்துத் திருத்துவோம் என்று சொல்லி, திருத்தும் தேதியையும் எழுதிக்கொள்ளுங்கள். வழக்கறிஞர் சொன்னதை அக்காவுக்கு நீங்களே தொலைபேசியில் சொல்லிவிடுங்கள். அவர் வேறு யார் மூலமாகவோ அறிவது நல்லதல்ல.

தம்பி எதையும் எழுத மறுத்தால் என்ன செய்வது? அப்போதும் மெஷினுக்கு அவர் போட்ட பணத்துக்குக் கடன் சீட்டு எழுதிக் கொடுத்து வட்டியைத் தொடங்கிவிடுங்கள். அதற்கு அவர் கையெழுத்து தேவையில்லை. மனைவியின் சம்பளத்தை மட்டும் அவரைத் தாண்டித் தொடங்காதீர்கள். அது பொதுப் பணத்திலிருந்து போவது, பின்னால் உங்கள்மேல் குற்றச்சாட்டாகத் திரும்பும். சமமாக எடுப்பதையும் உங்கள் இஷ்டத்துக்கு ஒரே நாளில் நிறுத்தாதீர்கள். ஒன்பது மாத நடைமுறையை ஒருதலையாக மாற்றினால் சட்டப்படி உங்கள் நிலை எப்படி இருக்கும் என்பதை முதலில் வழக்கறிஞரிடம் கேளுங்கள். அவரிடம் போகும்போது கட்டடப் பத்திரம், உரிமம், வங்கிக் கணக்கு, அப்பா காலத்துக் கடைசி ஆண்டுக் கணக்கு, டிஜிட்டல் மெஷினின் பில் ஆகிய ஐந்தையும் எடுத்துச் செல்லுங்கள்.